முக்காற்புள்ளிக்கு முன்னால் வினை வந்துவிட்டதா?

கீழே உள்ளது போன்ற வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது எங்காவது பார்த்துவிடுவோம்.

"காவிரியின் துணையாறுகளான: பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றுகின்றன."

தகவலில் தவறில்லை. எழுத்துப்பிழையும் இல்லை. ஆனாலும் "துணையாறுகளான" என்ற இடத்தில் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும் வாசிப்பு தடுக்கி விழுகிறது. அந்த இரண்டு புள்ளிகளை எடுத்துவிட்டு மீண்டும் படித்துப் பாருங்கள். வாக்கியம் தானாகவே ஓடும். அதாவது அந்தக் குறி அங்கே எந்த வேலையும் செய்யவில்லை. இருந்த ஓட்டத்தைக் கெடுத்தது மட்டும்தான்.

முக்காற்புள்ளி என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று கால் காலாக ஏறும் வரிசை அது. முழு நிறுத்தத்துக்கு ஒரு கால் மட்டுமே குறைவான நிறுத்தம். அவ்வளவு பெரிய நிறுத்தத்தை ஒரு பெயரெச்சத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால், பேருந்தைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி "இறங்குங்கள்" என்று சொல்வது போலாகிவிடும். நிறுத்தம் பெரிதானால் அதற்கு முன்னால் வாசகர் கால் ஊன்ற இடம் வேண்டும். முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதி தன்னளவில் ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்ற விதி இதைத்தான் சொல்கிறது.

இந்த விதி ஆங்கில நடைக் கையேடுகளில் பேசப்படுவது. தமிழுக்கு இந்தக் குறியே அச்சோடு வந்ததுதான். ஓலைச்சுவடியில் நிறுத்தற்குறிகள் கிடையாது. மெய்யெழுத்தின் மேல் புள்ளியைக்கூடப் பல சுவடிகளில் காண முடியாது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் உரைநடை அச்சேறியபோதுதான் இந்தக் குறிகள் நிலைபெற்றன. அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்திக் காட்டியவர்களில் முதலில் நினைக்கப்படுபவர் ஆறுமுக நாவலர். ஆக, குறி வெளியிலிருந்து வந்தது. ஆனால் அதைத் தமிழ் வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதை ஆங்கிலத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. காரணம் எளியது: இரு மொழிகளிலும் வினை நிற்கும் இடம் வேறு.

ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும், செயப்படுபொருள் அதற்குப் பின்னால் வரும். அதனால் அங்கே நடக்கும் வழக்கமான பிழை, வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையில் முக்காற்புள்ளியைச் செருகுவது. "அவள் வாங்கினாள்" என்றதும் இரண்டு புள்ளி, பிறகு பொருள்களின் பட்டியல். தமிழில் வினை கடைசியில் வரும். பட்டியல் இயல்பாகவே வினைக்கு முன்னால் வந்துவிடும்.

"அவள் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கினாள்."

இதில் முக்காற்புள்ளிக்கு வேலையே இல்லை. பட்டியல் சிறிதாக இருக்கும்வரை இதுவே போதும். பட்டியல் நீளும்போதுதான் சிக்கல். பத்துப் பொருளையும் கடந்து போன பிறகுதான் வாங்கினாளா, விற்றாளா, மறந்துவிட்டாளா என்பதே தெரியும். அதுவரை வாசகர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். இங்கேதான் முக்காற்புள்ளி தமிழுக்கு உண்மையாகவே உதவுகிறது. வினையை முதலில் முடித்துவிட்டு, பட்டியலை அதற்குப் பின்னால் தள்ள அது வழி செய்கிறது.

"அவள் மூன்று பொருள்கள் வாங்கினாள்: அரிசி, பருப்பு, எண்ணெய்."

இப்போது "வாங்கினாள்" என்ற வினைமுற்றோடு இலக்கணம் முடிந்துவிட்டது. பின்னால் வரும் பெயர்களுக்கு உருபும் தேவையில்லை, முடிக்கும் சொல்லும் தேவையில்லை. வினை இறுதியில் வரும் மொழியில் முக்காற்புள்ளியால் கிடைக்கும் பெரிய பயன் இதுதான். முன்பகுதியில் வினையை முடிக்காமல் புள்ளி வைப்பவர், இந்தப் பயனைக் கைவிட்டுவிட்டுக் குறியை மட்டும் வைத்துக்கொள்கிறார். வினை முன்னால் வராததால் அது பின்னால் எங்காவது வந்தே தீர வேண்டும். அதனால்தான் அவருடைய பட்டியலின் வாலில் "ஆகியவை", "ஆகியவற்றை", "போன்றவை", "என" என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு வினையும் வருகிறது. பிழையைக் கண்டுபிடிக்க இந்த வால் ஒன்றே போதும்.

இனி, முன்பகுதி முழுமையா இல்லையா என்று பார்ப்பது எப்படி? முக்காற்புள்ளியின் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் படித்துப் பாருங்கள். "அவள் மூன்று பொருள்கள் வாங்கினாள்." நிற்கிறது. "காவிரியின் துணையாறுகளான." நிற்கவில்லை. இதற்கு இலக்கணப் பெயர்கள் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் வேலை சற்று விரைவாக முடியும், அவ்வளவுதான். புள்ளிக்கு முந்தைய கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தால் போதும். அது "ஆன", "ஆகிய", "உள்ள", "போன்ற", "என்ற" என்று முடிந்தால் பெயரெச்சம். அடுத்து ஒரு பெயர் வேண்டும் என்று கேட்கிறது. "சென்று", "வாங்கி", "இருப்பதால்" என்று முடிந்தால் எச்சம். ஒரு வினை வேண்டும் என்று கேட்கிறது. "பொருள்களை", "ஊர்களில்", "மாணவர்களுக்கு" என்று வேற்றுமை உருபோடு முடிந்தாலும் அப்படித்தான். இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும் சொல்லின் வாயை நிறுத்தற்குறியால் அடைக்கக் கூடாது.

ஆனால் முற்றுப்புள்ளிச் சோதனை மட்டும் போதாது. "அவள் கடைக்குப் போனாள்: அரிசி, பருப்பு, எண்ணெய்." முன்பகுதி முழு வாக்கியம்தான். ஆனாலும் பட்டியல் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறது. முன்பகுதி இலக்கணத்தில் நிறைந்திருக்க வேண்டும். அதே சமயம் பொருளில் ஓர் இடம் காலியாகவும் இருக்க வேண்டும். "மூன்று பொருள்கள்" என்றதும் எவை என்ற கேள்வி எழுகிறது. "ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது" என்றதும் என்ன சிக்கல் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கொக்கியில்தான் பின்பகுதி மாட்டிக்கொள்ளும். தமிழில் இந்தக் கொக்கி பெரும்பாலும் எண்ணுப்பெயராகவோ, "இது", "இப்படி" போன்ற சுட்டாகவோ இருக்கும். எண்ணைக் கொக்கியாக வைத்தால் இன்னொரு வேலையும் சேர்ந்துவிடும்: பிறகு பட்டியலில் ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ முன்னால் உள்ள எண்ணையும் மாற்ற வேண்டும். "மூன்று" என்று சொல்லிவிட்டு நான்கைக் கொடுக்கும் வாக்கியங்கள் எல்லாம் இப்படித் திருத்தும்போது பிறந்தவைதான்.

பட்டியல் இல்லாமல், காரணத்தைச் சொல்லவும் முக்காற்புள்ளி வரும்.

"கூட்டம் நடக்கவில்லை: மண்டபத்துச் சாவி கிடைக்கவில்லை."

இங்கே அந்தப் புள்ளிகள் "ஏனென்றால்" என்ற சொல்லின் வேலையைச் செய்கின்றன. ஆகவே இரண்டில் ஒன்று போதும். "கூட்டம் நடக்கவில்லை: ஏனென்றால்..." என்று எழுதுவது இரட்டைப் பூட்டு. இத்தகைய வாக்கியங்களில் இரண்டு பக்கமும் வினைமுற்றோடு நிற்கும் என்பதால் முன்பகுதி அரைகுறையாகும் பிழை அநேகமாக வராது. "உதாரணமாக:" என்று தொடங்கும்போது மட்டும் வரும். "உதாரணமாக" என்பது வினையைத் தழுவி வரும் சொல். அதற்குக் காற்புள்ளி போதும். புள்ளிகள்தான் வேண்டும் என்றால் "எடுத்துக்காட்டு:" என்று பெயராக எழுதிவிடலாம். அப்போது அது வாக்கியமாக இல்லாமல் தலைப்புச்சீட்டாக மாறிவிடும்.

தலைப்புச்சீட்டு என்றது விதிக்குள் வராத ஓர் இடத்தை. அரசுக் கடிதத்தில் "பொருள்:", "பார்வை:", நாடகத்தில் பாத்திரத்தின் பெயர், படிவத்தில் "பிறந்த தேதி:", செய்தித்தலைப்பில் ஊர்ப்பெயர். இவற்றில் வாக்கியமே இல்லை. முழுமை என்ற கேள்வியும் எழாது. 2:3 என்ற விகிதத்தில் வருவதும் இதே குறிதான், ஆனால் அதற்கு இருபுறமும் இடைவெளி கிடையாது. வாக்கியத்தில் வரும் முக்காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி இல்லை, பின்னால் ஒன்று உண்டு. பழைய புத்தகங்களில் பார்க்கும் ":-" என்ற வடிவத்தைப் பள்ளி இலக்கணங்கள் வரலாற்றுக்குறி என்று சொல்லும். கடை ரசீதிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். உரைநடைக்குள் வரும்போது அந்தக் கோடு கூடுதலாக எதையும் சொல்வதில்லை.

"அவை:" என்ற வழக்கு

இனி வருவது சர்ச்சைக்குரிய இடம். தமிழில் மிக அதிகமாக எழுதப்படும் முக்காற்புள்ளி இதுதான்.

"காவிரிக்குத் தமிழ்நாட்டில் மூன்று முக்கியத் துணையாறுகள் உள்ளன. அவை: பவானி, நொய்யல், அமராவதி."

"அவை" என்பது எழுவாய். "பவானி, நொய்யல், அமராவதி" பெயர்ப்பயனிலை. "அவர் ஆசிரியர்" என்பது எப்படி ஒரு முழு வாக்கியமோ, அப்படியே "அவை பவானி, நொய்யல், அமராவதி" என்பதும் முழு வாக்கியம். தமிழில் எழுவாயையும் பெயர்ப்பயனிலையையும் இணைக்க நடுவில் ஒரு வினை தேவையில்லை. "அவர்: ஆசிரியர்" என்று யாரும் எழுதுவதில்லை. எனில் "அவை:" மட்டும் எப்படிச் சரியாகும்? கண்டிப்பாகப் பார்த்தால் ஆகாது. ஒற்றைச் சொல் எழுவாயைப் பயனிலையிலிருந்து பிரித்துவிட்டு, முக்கால் நிறுத்தம் நிறுத்துகிறோம்.

இதற்கான திருத்தம் மிகச் சிறியது. முந்தைய வாக்கியம் முழுமையாகவும் கொக்கியோடும் ஏற்கெனவே நிற்கிறது. அதன் முற்றுப்புள்ளியை முக்காற்புள்ளியாக்கிவிட்டு "அவை" என்ற சொல்லை நீக்கிவிடலாம்.

"காவிரிக்குத் தமிழ்நாட்டில் மூன்று முக்கியத் துணையாறுகள் உள்ளன: பவானி, நொய்யல், அமராவதி."

ஒரு சொல் மிச்சம். ஒரு தடங்கலும் குறைவு. அடுத்த வரியிலிருந்து எண்ணிட்டுப் பட்டியல் தொடங்கும்போது "அவை:" என்று தனி வரியில் வந்தால் அதைத் தலைப்புச்சீட்டாக எண்ணி விட்டுவிடலாம். ஓடும் வாக்கியத்துக்குள் வந்தால் வெட்டுவதே நல்லது. "பின்வருமாறு:", "வருமாறு:" என்பவற்றில் "உள்ளன" என்ற வினை தொக்கி நிற்கிறது என்று வாசகரின் மனம் எடுத்துக்கொள்கிறது, அவை நிற்கும். "அவையாவன:" நீண்ட வழக்கத்தால் நிற்கிறது. இலக்கணத்தில் பிழை கண்டுபிடிக்க முனைந்தால் முடியும். ஆனால் வாசகர் அங்கே தடுக்குவதில்லை, ஆகவே அதோடு சண்டை வேண்டாம்.

செய்தித்தாள்களின் "கூறியதாவது:" இதே குடும்பம்தான், ஆனால் அதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழில் ஒருவர் சொன்னதைச் சொல்ல "என்று" இருக்கிறது; அது மேற்கோளுக்குப் பின்னால் வரும். மேற்கோள் ஐந்து பத்தி நீண்டால், ஐந்து பத்திக்குப் பிறகு வரும் "என்று கூறினார்" யாருக்கும் பயன்படாது. அதனால் செய்தியாளர்கள் முன்னால் "அவர் கூறியதாவது:" என்று திறந்து, கடைசியில் "இவ்வாறு அவர் கூறினார்." என்று தனி வாக்கியமாக மூடும் முறையைக் கைக்கொண்டார்கள். அது ஒழுங்கான ஏற்பாடு. பிழை எங்கே வருகிறது என்றால் இரண்டு முறைகளும் கலக்கும் இடத்தில்:

"அவர் கூறியதாவது: சாலைப் பணி மார்ச் மாதத்தில் முடியும் என்று கூறினார்."

"என்று கூறினார்" இருந்தால் முன்னால் "கூறியதாவது:" வேண்டாம். ஒரு வரி மேற்கோளுக்கு "என்று" போதும். அதுவே தமிழுக்கு இயல்பு. இங்கேயும் அதே அடையாளம்தான்: முக்காற்புள்ளிக்குப் பின்னால் போய் வினை வாலாட்டுகிறது.

வினை இன்னும் வராத இடத்துக்கு இடைக்கோடு

எப்போதும் வினையை முன்னால் கொண்டுவந்து முடித்துவிட முடியாது. சில சமயம் வாக்கியம் போகிற போக்கில் ஒரு விளக்கத்தைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வினையை நோக்கித் தொடர வேண்டியிருக்கும். அச்சகத்தில் டேஷ் என்று சொல்லும் இடைக்கோடு இரண்டைப் பயன்படுத்துவது அங்கேதான்.

"மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் மூன்று ஆறுகள் – பவானி, நொய்யல், அமராவதி – தமிழ்நாட்டில் காவிரியோடு கலக்கின்றன."

முதல் கோட்டுக்கு முன்னால் வாக்கியம் முடியவில்லை. முடிய வேண்டியதும் இல்லை. இங்கே சோதனை வேறு: இரண்டு கோடுகளையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து அழித்துவிட்டு, மிச்சத்தைப் படிக்க வேண்டும். "மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் மூன்று ஆறுகள் தமிழ்நாட்டில் காவிரியோடு கலக்கின்றன." நிற்கிறது, ஆகவே கோடுகள் சரி. முக்காற்புள்ளி தனக்கு முன்னால் முழு வாக்கியத்தைக் கேட்கிறது. இணைக்கோடுகள் தம்மைச் சுற்றி முழு வாக்கியத்தைக் கேட்கின்றன. இந்தக் கட்டுரையின் முதல் எடுத்துக்காட்டை எழுதியவர் முக்காற்புள்ளியால் செய்யப் பார்த்தது இந்த வேலையைத்தான்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கல் தமிழில் இந்தக் கோடுகளுக்கு உண்டு. அது ஒற்று. "தச்சருக்குக் கருவிகளைக் கொடுத்தார்" என்று எழுதியிருக்கிறோம். பிறகு நடுவில் விளக்கம் சேர்க்கத் தோன்றுகிறது. அவசரத்தில் இப்படி ஆகிவிடும்:

"தச்சருக்குக் கருவிகளைக் – உளி, சுத்தியல், இழைப்புளி – கொடுத்தார்."

"கருவிகளை" என்பதன் பின் வந்த "க்", அடுத்து உடனே வரும் "கொடுத்தார்" என்ற சொல்லுக்காக வந்தது. நடுவில் நிறுத்தம் வந்ததும் இரண்டு சொற்களும் ஒட்டி ஒலிக்கவில்லை. ஒற்றுக்கு அங்கே வேலை இல்லை. "கருவிகளை – உளி, சுத்தியல், இழைப்புளி – கொடுத்தார்" என்பதே சரி. மறுபக்கமும் இதே கவனம் வேண்டும். இடைச்செருகலை நீக்கும்போது ஒற்றைத் திரும்பச் சேர்க்காவிட்டால் "கருவிகளை கொடுத்தார்" என்று நின்றுவிடும். கோட்டின் முன்னால் க், ச், த், ப் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கோடு பிறகு செருகப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

செருகலுக்குள் இருக்கும் பெயர்களுக்கு உருபு வேண்டுமா என்ற கேள்வியும் வரும். "இரண்டு ஊர்களில் – மதுரை, திருச்சி – கிளை திறந்தார்கள்" என்று வெறும் பெயராக விடலாம். "மதுரையிலும் திருச்சியிலும்" என்று உருபோடும் எழுதலாம். எங்கள் சாய்வு வெறும் பெயரின் பக்கம். உருபை ஏற்றினால் செருகல் வாக்கியத்தின் உடலோடு கலந்துவிடுகிறது. அப்புறம் "இரண்டு ஊர்களில்" என்பதே தேவையில்லை, கோடுகளும் தேவையில்லை.

செருகல் எவ்வளவு நீளலாம்? எட்டு, பத்துச் சொல்லைத் தாண்டினால் அதைத் தனி வாக்கியமாக்கிவிடுவது நல்லது. இதற்கும் காரணம் வினை கடைசியில் வருவதுதான். வாசகர் எழுவாயை நினைவில் வைத்துக்கொண்டு வினைக்காகக் காத்திருக்கிறார். எழுதுகிறவரும்கூட மறந்துவிடுவார். "மாணவர்கள் – முதல் நாள் மழையில் நனைந்து, மறுநாள் வகுப்பறைக் கூரை ஒழுகிய பள்ளி – வீட்டுக்கு அனுப்பப்பட்டது" என்பது போன்ற வாக்கியங்களில் பலர்பால் எழுவாய்க்கு ஒன்றன்பால் வினை வந்திருப்பதைக் கவனியுங்கள். கோட்டுக்குள் கடைசியாக இருந்த "பள்ளி" வினையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

ஒரு வாக்கியத்தில் கோடுகள் மூன்று இருந்தால் எது எதற்கு இணை என்று யாருக்கும் தெரியாது. இரண்டு, அல்லது கடைசியில் ஒன்று. கடைசியில் தனியாக வரும் கோடு பேச்சுத்தமிழுக்கு மிக நெருக்கமானது. பேச்சில் வினையைச் சொல்லி முடித்த பிறகு விட்டுப்போனதைச் சேர்ப்போம்: "வந்துட்டான், உங்க தம்பி." எழுத்தில் அந்த அசைவைக் காட்ட ஒற்றைக்கோடு பொருத்தம்.

"மழை வந்தேவிட்டது – திருவிழாவின் கடைசி நாளில்."

இங்கே முக்காற்புள்ளி போட முடியாது. முன்பகுதி முழுமையானதுதான், ஆனால் அது எந்தக் கேள்வியையும் எழுப்பவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு அதை நிறைவேற்றும் இடத்தில் முக்காற்புள்ளி. வாக்கே கொடுக்காமல் பின்னால் ஒன்றைப் போடும் இடத்தில் இடைக்கோடு. "தமிழ்நாட்டின் தலைநகரம் – சென்னை" என்று எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் போடும் கோடு, "அவை:" செய்யும் அதே தவறைத்தான் செய்கிறது. பொருத்துக வினாவில் மட்டும் அது இருக்கட்டும்.

ஓர் அறிவிப்பைத் திருத்துவோம்

அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது போன்ற ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்ளலாம். இது திருத்திக் காட்டுவதற்காக எழுதியது.

"நமது குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டிகளைக் - ஏ, பி பிளாக் - கழுவும் பணி ஞாயிறு காலை 6 முதல் 11 மணி வரை நடைபெறுவதால் குடியிருப்போர் செய்ய வேண்டியவை: தேவையான நீரை முன்னிரவே பிடித்து வைத்தல், குழாய்களை மூடி வைத்தல், வாஷிங் மெஷினை இயக்காமல் இருத்தல் ஆகியவற்றைத் தவறாமல் பின்பற்றவும் - தண்ணீர் 12 மணிக்கு வரும்."

முதலில் வினைமுற்றுகளைத் தேட வேண்டும். "பின்பற்றவும்", "வரும்" என இரண்டு கிடைக்கின்றன. இரண்டுமே முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருக்கின்றன. முன்னால் ஒன்றுகூட இல்லை. "நடைபெறுவதால்" என்ற எச்சமும் "வேண்டியவை" என்ற எழுவாயும்தான் உள்ளன. அந்த எழுவாய்க்குப் பயனிலையாக வந்திருக்க வேண்டிய பட்டியல், "ஆகியவற்றை" என்ற வாலால் "பின்பற்றவும்" என்ற வினைக்குச் செயப்படுபொருளாகிவிட்டது. ஆக "செய்ய வேண்டியவை" அநாதையாக நிற்கிறது.

அடுத்து "நடைபெறுவதால்" என்பதை வினைமுற்றாக்கி முதல் வாக்கியத்தை முடித்துவிடலாம். ஏ, பி பிளாக் என்பது எந்தத் தொட்டிகள் என்று சொல்லும் அடை. அதைச் செருகலாக வைக்கத் தேவையே இல்லை, பெயருக்கு முன்னால் வைத்தால் கோடும் போய்விடும், தொங்கும் "க்"கும் போய்விடும். பிறகு பட்டியலுக்கு ஒரு கொக்கியும் ஒரு வினையும் தர வேண்டும். வாலை வெட்ட வேண்டும். கடைசி வாக்கியம் பின்னால் ஒட்டவைத்த சேர்க்கை அல்ல, எல்லோரும் தேடும் தகவல். அதைத் தனியாக நிறுத்த வேண்டும்.

"ஏ, பி பிளாக்குகளின் மேல்நிலைத் தொட்டிகள் ஞாயிறு காலை 6 முதல் 11 மணி வரை கழுவப்படும். குடியிருப்போர் மூன்று ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும்: தேவையான நீரை முன்னிரவே பிடித்து வைப்பது, குழாய்களை மூடி வைப்பது, வாஷிங் மெஷினை ஓட்டாமல் இருப்பது. தண்ணீர் 12 மணிக்கு வரும்."

முதலில் இருந்த கோடுகள் மூன்றும் போய்விட்டன. திருத்தும்போது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. முன்பகுதியை முழுமையாக்கினால் பாதிக் குறிகள் தாமாகவே தேவையற்றுப் போகின்றன. பட்டியலின் உறுப்புகள் மூன்றும் "வைப்பது, வைப்பது, இருப்பது" என்று ஒரே அச்சில் இருப்பதையும் பாருங்கள். ஓர் உறுப்பு "பிடித்து வைக்கவும்" என்று ஏவலாகவும் அடுத்தது "மூடுதல்" என்று தொழிற்பெயராகவும் இருந்தால் கொக்கியில் ஒன்று மாட்டும், மற்றது வழுக்கும். உறுப்புகளுக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் உறுப்புகளுக்கு இடையில் அரைப்புள்ளி போட வேண்டும்.

தட்டச்சில்

மேலே உள்ள பிழை அறிவிப்பில் கோடுகளுக்குப் பதிலாகச் சிறுகோடு இருந்தது. விசைப்பலகையில் எளிதாகக் கிடைப்பது அதுதான். தமிழில் சிறுகோட்டுக்கு ஏற்கெனவே வேறு வேலை உண்டு: எண்ணோடு உருபைச் சேர்ப்பது. 1967-இல் என்று எழுதும் அதே வாக்கியத்தில் இடைக்கோட்டுக்கும் சிறுகோட்டையே போட்டால், ஓர் இடைவெளி தவறியதும் "1967 - இல்" என்று உருபு பிரிந்து நிற்கும். வாசகர் அங்கே ஒரு செருகல் தொடங்குகிறது என்று நினைப்பார். இடைக்கோட்டின் குறியெண் U+2013. அதைவிட நீளமானது U+2014. விண்டோஸில் எண்பலகையோடு Alt+0150, Alt+0151. மேக்கில் Option விசையோடு சிறுகோடு அடித்தால் குட்டையானது, Shift விசையும் சேர்த்தால் நீளமானது. கைபேசியில் சிறுகோட்டை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான விசைப்பலகைகளில் இரண்டும் மேலெழும். இரண்டில் எதை எடுத்தாலும் ஓர் ஆக்கம் முழுவதும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். தமிழுக்குக் குட்டையானதை இருபுறமும் இடைவெளிவிட்டுப் போடுவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. நம் சொற்கள் நீளம், கோடும் நீண்டு ஒட்டிக்கொண்டால் வரி நெரிசலாகத் தெரியும். கோடு வரியின் தொடக்கத்தில் தனியாகப் போய் விழாமல் இருக்க, அதற்கு முன்னால் உள்ள இடைவெளியை உடையா இடைவெளியாக வைக்கலாம். அதன் குறியெண் U+00A0.

நீளமான ஆவணத்தில் இந்தப் பிழைகளைக் கண்ணால் தேடுவது கடினம். லிப்ரே ஆபிஸின் தேடல் பெட்டியில் Regular expressions என்ற தேர்வை இயக்கிவிட்டு இந்த இரண்டு வரிகளைத் தனித்தனியாகத் தேடலாம். வேர்டின் தேடலில் "அல்லது" என்ற பொருள் தரும் செங்குத்துக்கோடு கிடையாது என்பதால் அங்கே ஒவ்வொரு விகுதியாகத் தேட வேண்டும்.

```
(ான|ஆன|ாகிய|ஆகிய|உள்ள|ுள்ள|போன்ற|என்ற|தால்|ை)\s*:
(க்|ச்|த்|ப்)\s*[–—]
```

முதல் வரி முக்காற்புள்ளிக்கு முன்னால் இந்த எச்சங்களில் ஒன்றோ இரண்டாம் வேற்றுமையோ நிற்கும் இடங்களைப் பிடிக்கும். அதிலுள்ள "ை" காரணமாக "அவை:" எல்லாம் சேர்ந்து சிக்கும், அது நல்லதுதான். கடிதங்களில் வரும் "பார்வை:" சிக்கினால் விட்டுவிடுங்கள். இரண்டாம் வரி கோட்டின் முன்னால் தொங்கும் ஒற்றைப் பிடிக்கும். "மார்ச் – ஏப்ரல்" என்று எழுதியிருந்தால் அதுவும் வந்து நிற்கும், "கிளப்" என்று முடியும் பெயர்களும் வரும். அந்த மெய்கள் சொல்லுக்கே உரியவை, அவற்றை நீக்கிவிடக் கூடாது. அதனால் இந்தத் தேடலில் "அனைத்தையும் மாற்று" பொத்தானைத் தொடாமல், ஒவ்வொன்றாகப் பார்த்தபடியே போக வேண்டும்.